டொரண்டோ மாமாவின் வயிறு

டொரண்டோ மாமா என்பவர் இருபது ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தை விட்டுக் கிளம்பியவர். தம் வயிறு மட்டும் இன்னும் அங்கேயே குடியிருப்பதாக நம்புகிறவர். லண்டன் மாமா, சிட்னி சித்தப்பா, நியூ ஜெர்சி பெரியப்பா என்று இவருக்குப் பல கிளைகள் உண்டு. எல்லாரும் ஓதுவது ஒரே மந்திரம்: “நம்ம ஊர் தண்ணி நம்மள என்ன பண்ணப்போகுது?” பயண மருத்துவர்கள் சுற்றுலாப் பயணியைவிட இவரைக் கண்டுதான் அதிகம் கவலைப்படுகிறார்கள். சுற்றுலாப் பயணி பயந்துபோய் ஊசி போட்டுக்கொள்கிறார், விடுதியில் தங்குகிறார், பத்து நாளில் திரும்புகிறார். மாமாவோ ஊசியைக் கடைசிவரை தட்டிக்கழித்து, அக்கா வீட்டில் ஐந்து வாரம் தங்கி, அழைத்த வீட்டிலெல்லாம் சாப்பிடுகிறார்.

மந்திரத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை அவர் மனத்திலிருந்து பிடுங்குவது கடினம். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் மஞ்சள் காமாலையான ஹெபடைட்டிஸ் ஏ, இந்தியாவில் மாமா தலைமுறையினரில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கும். குழந்தைகளிடம் அது பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் வந்து, ஆயுள் முழுவதற்குமான எதிர்ப்பைத் தந்துவிட்டுப் போகிறது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் மாமாவுக்கு அந்த ஊசியே தேவைப்படாமல் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் மார்தட்டிக்கொள்ளலாம்.

மற்ற பாதி பொய். பயணிகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமாகும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நச்சு சுரக்கும் ஒருவகை ஈ. கோலை. ஊரில் வாழ்கிறவர்கள் அதை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருப்பதால் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். விழுங்குவது நின்றால் அந்த எதிர்ப்பும் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். ஸ்கார்பரோவில் வடிகட்டிய குளோரின் தண்ணீரைக் குடித்துப் பழகிய இன்றைய மாமாவின் குடலுக்கும் முதல்முறையாக வந்திறங்கும் வெள்ளைக்காரரின் குடலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. டைபாய்டு இன்னும் மோசம்: ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். கனடா, அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளில் கண்டுபிடிக்கப்படும் டைபாய்டு நோயாளிகளில் பெரும்பகுதியினர் தெற்காசியாவில் உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே.

மாமா விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே, விலை குறைந்த நள்ளிரவொன்றில் வாங்கிவிடுவார். பயண மருத்துவமனைக்குப் போவது கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, அதுவும் மனைவியின் நச்சரிப்பால். போக வேண்டியது நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன். டைபாய்டு ஊசி ஒரே ஒரு தவணைதான் என்றாலும் அது வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் வேண்டும். கனடாவில் மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்கிறார்கள். “அப்ப இப்ப போட்டு என்ன பிரயோஜனம் டாக்டர்?” என்று மாமா நம்பிக்கையோடு எழுந்துகொள்ளப் பார்ப்பார். ஐந்து வாரத் தங்கலில் கடைசி மூன்று வாரத்துக்காவது பயன்படும் என்று டாக்டர் கணக்குக் காட்டி உட்காரவைக்க வேண்டியிருக்கும்.

அவருடைய பிள்ளைகளின் கதை வேறு. கனடாவில் பிறந்த அவர்களுக்கு அப்பாவின் இளமைக்கால மஞ்சள் காமாலை எந்த உதவியும் செய்யாது. அவர்களுக்கு ஹெபடைட்டிஸ் ஏ ஊசி அவசியம். கிளம்புகிற வாரத்தில் போட்டாலும் பலன் உண்டு. ஆறு மாதம் கழித்து இரண்டாம் தவணை போட்டால் நீண்டகாலப் பாதுகாப்பு. கைக்குழந்தை இருந்தால் இன்னொரு சிக்கல்: வழக்கமான டைபாய்டு ஊசி இரண்டு வயதுக்குக் கீழே சரியாக வேலை செய்வதில்லை. ஆறு மாதக் குழந்தைக்கும் போடக்கூடிய புதுவகை இணைப்பு ஊசி ஹைதராபாத்தில் தயாராகிறது. மாமா கனடாவிலிருந்து சாக்லேட்டைக் கொண்டுவந்து இந்தியாவில் ஊசியைத் தேடும் நிலையும் இதனால் ஏற்படலாம்.

கனடாவில் பெயர்பெற்ற வேறொன்றும் மாமாவின் பையில் இருக்கும்: ராஸ்பெரி மணத்தோடு தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் காலரா தடுப்பு மருந்து. நச்சு ஈ. கோலையின் ஒரு பிரிவுக்கு எதிராகவும் அது கொஞ்சம் வேலை செய்யும். முதல் தவணைக்கு ஒரு வாரம் கழித்து இரண்டாவது, அதுவும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சாப்பிடக் கூடாது. மாமா இரண்டு தவணையையும் விமான நிலையத்தில் வரிசையாகக் குடித்துவிட்டு, மேலே ஒரு சமோசாவும் சாப்பிட்டுவிட்டு, “இனி எது வேணாலும் சாப்பிடலாம்” என்று அறிவிப்பார். சரியான முறையில் குடித்தாலும் அது தரும் காப்பு சிறியது. பெரும்பாலான பயணிகளுக்கு அது தேவையும் இல்லை.

ஊரில் இறங்கியதும் மாமாவின் எச்சரிக்கை உணர்வு விசித்திரமான வழியில் விழித்துக்கொள்ளும். பானிபூரி வண்டியைக் கண்டால் மூக்கைப் பொத்துவார். பல் துலக்க மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர் கேட்பார். பிறகு கல்யாண மண்டபத்து வாசலில் நீட்டிய எலுமிச்சைச் சாற்றை, மேலே மிதக்கும் ஐஸ்கட்டியோடு ஒரே மூச்சில் குடிப்பார். உறையவைத்தால் கிருமி செத்துவிடாது. சாற்றில் கரைந்து புது உற்சாகத்தோடு உள்ளே போகும்.

கல்யாணப் பந்தியே அவருக்கு உண்மையான தேர்வு. கண்ணுக்கு அழுக்காகத் தெரிவதும் ஆபத்தானதும் ஒன்றல்ல. சாம்பார், ரசம், வடை, இட்லி ஆகியவை ஆவி பறக்க வருகிறவரை கவலையில்லை. கும்பகோணம் டிகிரி காபியின் பாலும் கொதித்ததுதான். ஆனால் டம்ளரை வாளித் தண்ணீரில் முக்கி ஈரத்தோடு நீட்டினால் யோசிக்க வேண்டும். ஆபத்து பதுங்கியிருப்பது இலையின் ஓரங்களில்: பச்சை வெள்ளரியும் ஊறவைத்த பயற்றம்பருப்பும் கையால் கலந்த கோசுமல்லி, தயிர்ப் பச்சடி, அரைக்கும்போது பச்சைத் தண்ணீர் சேர்த்து மணிக்கணக்கில் வெளியே இருந்த தேங்காய்ச் சட்னி, எந்தக் குழாயிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாத நீர்மோர். இலையில் தெளித்த தண்ணீரை வழித்து உதறிவிட்டுச் சாப்பிடுவது நல்லது. பந்திக்கு முந்தச் சொல்லும் பழமொழியும் இங்கே மருத்துவரீதியாகச் சரி: மூன்றாம் பந்திக்கு வரும் சோறும் கூட்டும் இளஞ்சூட்டில் வெகுநேரம் இருந்தவை, கிருமிகள் பெருகப் பிடித்த சூடு அதுதான்.

“ஒரு கரண்டி பச்சடிகூட வேண்டாமாடா? நான் பண்ணினது” என்று அக்கா கேட்கும்போது மாமாவின் அறிவு வேலைநிறுத்தம் செய்யும். உறவினர் வீட்டு விருந்தாளிக்கு உள்ள உண்மையான சிக்கல் இதுவே. சுற்றுலாப் பயணியிடம் எந்த அக்காவும் இப்படிக் கேட்பதில்லை. மறுப்பதைவிட மாற்றிக் கேட்பது எளிது: “அக்கா, எனக்கு சுடச்சுட ரசம்தான் வேணும், இன்னொரு கரண்டி ஊத்து” என்றால் அவளும் மகிழ்வாள். வீட்டில் தண்ணீரை நன்றாகத் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவைத்தாலே போதும். அதன்பின் அதைக் குழாயுள்ள பாத்திரத்தில் மூடிவைக்க வேண்டும். கேன் தண்ணீரானாலும் காய்ச்சிய தண்ணீரானாலும் பானையில் ஊற்றி, வருகிறவர் போகிறவரெல்லாம் டம்ளரோடு விரலையும் முக்கினால், செய்த வேலை வீண். இவ்வளவும் செய்தாலும் அடுப்படியில் வேலை செய்தவரின் கை மாமாவின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே ஆபத்து குறையுமே தவிர முற்றிலும் தீராது.

கல்யாணத்துக்கு இரண்டாம் நாள் இரவு மாமா நான்காம் முறையாகக் கழிவறையை நோக்கி நடக்கிறார். ஒரு நாளில் மூன்று அல்லது அதற்கு மேல் நீர்த்துப் போனால் அது வயிற்றுப்போக்கு, அந்தத் தேர்வில் அவர் தேறிவிட்டார். “வெயில் ஒத்துக்கல” என்பார். நச்சு ஈ. கோலை ஒன்றிலிருந்து மூன்று நாளில் வேலையைக் காட்டும். எனவே பழி வெயிலுக்கல்ல, நீர்மோருக்கோ பச்சடிக்கோ போக வேண்டும். அந்த நச்சு குடற்சுவரிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் கொட்டவைக்கிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உறிஞ்சிக்கொள்ளும் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது. பின்னாலேயே தண்ணீரும் உடலுக்குள் போகிறது. ஓ.ஆர்.எஸ். பொடியின் ரகசியம் இவ்வளவே. 1971-இல் வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காத்தார்.

மாமா இதையும் கெடுப்பார். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்து “ஸ்ட்ராங்கா” குடிப்பார். உப்பும் சர்க்கரையும் அளவு மீறினால் தண்ணீர் குடலுக்குள் இன்னும் அதிகமாக இழுக்கப்படும். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, ஒவ்வொரு தடவை போனபின்பும் ஒரு டம்ளர் குடித்து, மிச்சத்தை ஒரு நாளைக்குள் கொட்டிவிட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். பொடி கிடைக்காதபோது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் அழகான பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

அத்தானோ அதற்குள் மருந்துக் கடையிலிருந்து ஓஃப்லாக்ஸசின்–ஆர்னிடசோல் பட்டையோடு வந்துவிடுவார். சீட்டு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தெற்காசியக் கிருமிகளில் பல ஓஃப்லாக்ஸசின் குடும்ப மருந்துகளுக்கு அடங்குவதில்லை. லேசான போக்குக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். கடுமையாக இருந்தால் மருத்துவர்கள் இங்கே பெரும்பாலும் அசித்ரோமைசினைத் தேர்வு செய்கிறார்கள். போக்கை நிறுத்தும் லோபரமைடு, பேருந்தில் போயாக வேண்டிய நாளில் பெரியவர்களுக்கு உதவும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கூடாது, சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ரத்தம், கடுங்காய்ச்சல், தண்ணீரும் தங்காத வாந்தி, சிறுநீர் வற்றுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அத்தானின் வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையானால் இன்னும் சீக்கிரம்.

பெரும்பாலும் சில நாளில் தானாகவே தீர்ந்துவிடும். பிறகு ஊறுகாயும் அப்பளமும் நிறைந்த பெட்டிகளோடு டொரண்டோ திரும்பியபின் இரண்டாம் வாரத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வரலாம். ஜலதோஷம் என்று நினைத்துக் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். டைபாய்டு உடலில் புகுந்து ஒரு மாதம்வரை கழித்தும் தலைகாட்டும். மலேரியாவும் டெங்குவும்கூட அந்தக் காய்ச்சலுக்குள் ஒளிந்திருக்கலாம். டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது இந்தியா போய்வந்த தேதி. செய்ய வேண்டியது, ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது. “நான்தான் ஊசி போட்டுக்கிட்டேனே” என்று மாமா வாதாடுவார். அந்த ஊசி டைபாய்டையே எல்லாரிடமும் தடுப்பதில்லை. அதன் தம்பியான பாராடைபாய்டுக்கு எதிராக அது போடப்படுவதும் இல்லை.