பெரியம்மாவுக்கு மூன்று முகம்

கல்யாண வீட்டு வாசலில், உச்சி வெயிலில் எடுத்த பெரியம்மாவின் படம் ஒன்று. ஃபில்டர்கள் மூன்று.

கிளாரண்டன் வெளிச்சத்தைக் கூட்டும், நிழலை இன்னும் இருட்டாக்கும். விளைவு, கொண்டையில் இருந்த மல்லிகைச் சரம் தயிர்சாத உருண்டையானது. முழு வெள்ளையில் முட்டிய இடத்தில் இதழ் வரி திரும்பாது. பிறகு வெளிச்சத்தைக் குறைத்தாலும் சாம்பல் உருண்டைதான். கருநீலப் பட்டின் மடிப்புகளும் ஒரே இருட்டு.

கிங்கம் நேர்மாறு. கறுப்பை வெளுத்து, நிறத்தின் செறிவைக் குறைத்தது. மாநிறப் பெரியம்மா விபூதி அபிஷேகம் முடிந்து வந்தவர்போல நின்றார்.

மூன்றாவது அழகு ஃபில்டர். முகத்தை மட்டும் மெழுகி வெளுத்தது. அம்மைத் தழும்போடு புருவ முடியும் போயிற்று. கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே இருந்ததால்தான் குட்டு உடைந்தது. நிறத்தைச் சோதிக்க நான் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான்.

கடைசியில் அசல் படத்துக்கே திரும்பி, கிளாரண்டனின் அளவை 100இலிருந்து 20க்கு இறக்கினேன். மொட்டுகள் தெரிந்தன, நிறமும் நிறமாக இருந்தது. பெருமையோடு மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மெழுகிய முகத்தைத் தொட்டார்.

"இதையே போடுடா. யாருன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."