மாமா வண்டி துடைக்கும் வீடியோ போட்டிருக்கிறார்

மாமா போடும் வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். யாராவது கேப்ஷனைப் படித்துக் காட்டினால் போதும். மழை பெய்தால் "மழை பெய்கிறது". மாடு ரோட்டைக் கடந்தால் "மாடு சாலையைக் கடக்கும் காட்சி". அத்தை தோசை சுட்டால் "என் மனைவி தோசை சுடுகிறார்".

ஒரு தடவை சொல்லிவிட்டு விடுகிற ஆளா அவர்? எடுக்கும்போதே போனுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "இப்ப பாருங்க, தோசையைத் திருப்பப் போறா… திருப்பிட்டா!" பிறகு திரையின் குறுக்கே மஞ்சள் எழுத்தில் "தோசை திருப்பும் தருணம்". அதற்கும் கீழே கேப்ஷன்: "தோசையைத் திருப்பும் அழகைப் பாருங்கள்". ஆக, தோசை ஒரு தடவை திரும்பினால் நமக்கு நாலு தடவை திரும்புகிறது. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். அங்கே ஒருத்தர் பார்த்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். போனில் எல்லோரும்தான் பார்க்கிறார்கள் என்ற செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

லென்ஸ் மேல் கட்டைவிரல் வைப்பது, ஊரில் உள்ள அத்தனை பேரையும் டேக் செய்வது, இதெல்லாம்கூட உண்டு. அவற்றை மன்னித்துவிடலாம். பூனை வீடியோவை மன்னிக்க முடியாது. மதில்மேல் ஒரு பூனை, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைக் குறிபார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்க்கிற நமக்கு மூச்சு நிற்கிறது. கேப்ஷன் என்ன தெரியுமா? "கடைசியில் பூனை தொட்டிக்குள் விழும், தவறாமல் பாருங்கள்".

எரிச்சல் எதனால் என்றால், மாமாவுக்கு நல்ல கண். போனை ஆட்டமாட்டார், அவசரப்பட்டு நிறுத்தமாட்டார். போன மாதம் போட்ட தாத்தா வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலை, முற்றம். தாத்தா முக்காலி போட்டு உட்கார்ந்து தன் டிவிஎஸ் 50-ஐப் பழைய பனியன் துணியால் துடைக்கிறார். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக. பிறகு ஹெட்லைட்டை. கடைசியில் ஒரு கிழிந்த பெட்ஷீட்டை வண்டிமேல் போர்த்தி, அதன் முனையைக் கண்ணாடித் தண்டில் செருகிவிட்டு உள்ளே போகிறார். அவ்வளவுதான். அதிசயமாக மாமாவும் அன்றைக்குப் பின்னாலிருந்து பேசவில்லை. கேப்ஷனில் பிடித்துவிட்டார்: "அனைவருக்கும் காலை வணக்கம். எங்கள் அப்பா வண்டியைத் துடைக்கிறார்". கும்பிடும் கை மூன்று.

அப்பா என்பதும் தெரிகிறது, வண்டி என்பதும் தெரிகிறது, துடைப்பதும் தெரிகிறது. மாமாவுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது எதுவோ, கேமராவுக்குள் வராதது எதுவோ, அதற்குத்தான் கேப்ஷன். அப்படி ஒன்று அந்த வீட்டில் இருக்கவே செய்தது. நான் போன் செய்து சொன்னேன்: "மாமா, அதை எடுத்துட்டு, 'லைசென்ஸ் போன வருஷமே முடிஞ்சுபோச்சு'ன்னு மட்டும் போடுங்க."

"வண்டி துடைக்கிறதுக்கு லைசென்ஸ் எதுக்கு மாப்ளே?"

கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விதான் பார்க்கிறவனையும் வீடியோவுக்குள் திருப்பி அனுப்பும். முதலில் பார்க்கும்போது தாத்தா எங்கேயோ கிளம்பப் போகிறார் என்று நினைப்போம். அந்த வரியைப் படித்தபின் பெட்ஷீட் கண்ணில் படும், கிளம்பப் போவதில்லை என்று புரியும். அந்த வரியை மட்டும் தனியாகப் படித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் புலம்பல். வீடியோவை மட்டும் பார்த்தால் வண்டி சுத்தம். இரண்டும் சேர்ந்தால்தான் தாத்தா. கேப்ஷனை விரலால் மறைத்துவிட்டு வீடியோவைப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தக் கேப்ஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான ஆளும் உண்டு. என் ஆபீஸ் நண்பர் ஒருவர், இதே வீடியோவுக்கு "வாழ்க்கை ஒரு சக்கரம்" என்று எழுதியிருப்பார். அது லாரிக்கும் பொருந்தும், கிரைண்டருக்கும் பொருந்தும். இரண்டாவது அர்த்தம் என்று எதையாவது மேலே தூவினால் ஆகாது. கேப்ஷன் அந்த வீடியோவைத் தவிர வேறு எதிலும் ஒட்டக்கூடாது. "கண்கலங்க வைக்கும் காட்சி" கோஷ்டி இன்னும் மோசம். கலங்குவது நம் வேலை, அதையும் அவர்களே செய்துவிடுகிறார்கள்.

மாமா படித்தவர் என்பதால் ஒரு பிரெஞ்சுப் படத்தையும் சொல்லிப் பார்த்தேன். கிறிஸ் மார்க்கர் 1957-ல் எடுத்த 'சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்'. யாகூட்ஸ்க் நகரத் தெரு. ஒரு பஸ், ஒரு கார், சாலை போடும் தொழிலாளர்கள், கேமராவைப் பார்த்தபடி கடந்துபோகும் ஓர் ஆள். அதே துண்டை மூன்று முறை ஓட்டுவார். முதல் முறை வர்ணனை சோவியத் புகழ் பாடும், தொழிலாளர்கள் மகிழ்ச்சியாகத் தெரிவார்கள். இரண்டாம் முறை வசைபாடும், அதே ஆட்கள் அடிமைகளாகத் தெரிவார்கள். மூன்றாம் முறை எந்தப் பக்கமும் சாயாமல் நிதானமாக விவரிக்கும். அதுவும் சரியில்லை என்று மார்க்கரே சொல்லிவிடுவார். படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை, மாறியது சொல்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அப்போ பஸ் போகுதுன்னு யாருமே சொல்லலையா?"

அவருடைய திறமைக்கும் இடம் இருக்கிறது. காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் பேசியதை அப்படியே சொல்லத்தான் வேண்டும். இன்ஸ்டாகிராமில் படம் போடும்போது, பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டுவதற்காக விவரம் எழுதத் தனிக் கட்டம் ஒன்று உண்டு. "முதியவர் ஒருவர் முக்காலியில் அமர்ந்து மொபெட்டைத் துடைக்கிறார்" என்று அங்கே எழுதினால் புண்ணியம். மாமாவுக்கென்றே செய்துவைத்த மாதிரியான கட்டம். அதைமட்டும் காலியாக விட்டுவிடுவார்.

கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக்குறி வரை இடம் தருகிறார்கள். ரீல்ஸில் முதல் வரிதான் வெளியே தெரியும், மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். கெட்டிக்காரர்கள் அந்த ஒரு வரியில் ஆளை இழுத்துவிடுவார்கள். மாமாவின் முதல் வரி காலை வணக்கத்திலேயே தீர்ந்துவிடுவதால் பாதி சேதம் தானாகவே மறைந்துவிடுகிறது. அந்த மட்டும் கடவுள் இருக்கிறார்.

ஆனாலும் மனிதர் என் பேச்சைத் தட்டவில்லை. மறுநாளே கேப்ஷனை மாற்றினார். திறந்து பார்த்தேன்: "லைசென்ஸ் போன வருஷமே முடிஞ்சுபோச்சு." எனக்குப் புல்லரித்தது. தட்டித் திறந்தால் உள்ளே மீதி: "அதனால் எங்கள் அப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. துடைக்க மட்டும் செய்கிறார். வீடியோவில் வண்டி துடைப்பதைக் காணலாம்."

கீழே சிவகாசி சித்தப்பா கேட்டிருந்தார், ரினியூவலுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டுமா என்று. "படிவம் 1ஏ" என்று மாமா பதில் போட்டிருந்தார். சாயங்காலம் அடுத்த வீடியோ வந்தது, டாக்டர் கையெழுத்துப் போடும் காட்சி. கேப்ஷனைச் சொல்லத் தேவையில்லை.