எண்பது டிரம்மும் ஒரு ‘எஸ்’ஸும்

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கே ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சீசனில் பெங்களூரா மாங்காய் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். உள்ளே கூழ் காய்ச்சி, கிருமி நீக்கிய பையில் அடைத்து, டிரம்முக்கு 215 கிலோ வீதம் இறக்குவார்கள். எண்பது டிரம் ஏற்றினால் ஓர் இருபதடி கன்டெய்னர் நிறைந்துவிடும். அதுவரை தொந்தரவு ஒன்றுமில்லை. அப்புறம்தான் மேனேஜர் அண்ணன் ஜித்தாவில் சரக்கை வாங்குகிறவருக்கு இமெயில் எழுத உட்காருவார்.

அண்ணனின் இமெயில் ‘எஸ்டீம்டு’ இல்லாமல் தொடங்காது, ‘டூ த நீட்ஃபுல்’ இல்லாமல் முடியாது. இரண்டுக்கும் நடுவில் மழை, சந்தை நிலவரம், நெடுநாள் நட்பு எல்லாம் வரும். கேட்க வேண்டிய கேள்வி பதினோராவது வரியில், கல்யாண மண்டபத்தில் தொலைந்த பிள்ளைபோல எங்கேயாவது நிற்கும்.

போன சீசனில் கேட்க வேண்டியது பில் ஆஃப் லேடிங் பற்றி. கப்பல் கம்பெனி முதலில் அதன் டிராஃப்டை அனுப்பும். வாங்குகிறவர் அதைப் பார்த்துச் சரி சொன்னால்தான் ஒரிஜினல் போடச் சொல்லலாம். எல்.சி.யில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்று இருந்தால் வங்கி பணத்தை நிறுத்திவைக்க அது போதும். ஒரிஜினல் வந்த பிறகு திருத்தப் போனால் கப்பல் கம்பெனி அதற்குத் தனியாகக் காசு கேட்கும்.

சரக்கு வந்ததும் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டுமோ அவரது முகவரி, போன தடவை இருந்ததுபோலவே டிராஃப்டில் இருந்தது. அண்ணன் பணிவாகக் கேட்டார்: “ஐ ஹோப் யூ டோன்ட் ஹாவ் எனி அப்ஜெக்‌ஷன்?”

ஜித்தாவிலிருந்து பதில் வந்தது: “எஸ். தேங்க் யூ.”

ஆலையே கூடி நின்று அந்த ‘எஸ்’ஸைப் பார்த்தது. “ஆட்சேபம் இல்லையே?” என்று தமிழில் கேட்டால் “ஆமாம், இல்லை” என்போம். அரபியிலும் அந்த இடத்தில் ‘நஅம்’ என்றால் ‘இல்லைதான்’ என்றே பொருள். ஆக, அண்ணன் தமிழிலும் ஜித்தாக்காரர் அரபியிலும் பேசியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் இலக்கணப்படி ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்றால் ஆட்சேபம் உண்டு. அவர் அரபிக் கணக்கில் எழுதினாரா, ஆங்கிலக் கணக்கில் எழுதினாரா? அதைக் கேட்க இன்னொரு கடிதம் போனது. அதிலும் ஒரு ‘டோன்ட்’ இருந்தது.

பதில் எப்போது வேண்டும் என்பதற்கு அண்ணன் ‘பிஃபோர் வீக்கெண்ட்’ என்று போட்டிருந்தார். அவர் மனதில் இருந்தது சனிக்கிழமை சாயங்காலம். சவுதியில் 2013 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் சாயங்காலமே அங்கே கடை கட்டியாகிவிடும்.

கடைசியில் என்னை எழுதச் சொன்னார்கள். தலைப்பில் ஒப்பந்த எண்ணையும் ‘உங்கள் ஓகே வேண்டும்’ என்பதையும் போட்டேன். உள்ளே முதலில் ஒரு ஸலாம். அதை வெட்டினால் கடிதம் எளிமையாகாது, கோபமாகத்தான் ஆகும். அடுத்து, டிராஃப்ட் இணைத்திருக்கிறேன், மூன்றைப் பாருங்கள்: பெயர், முகவரி, எடை. எண்பது டிரம், 17200 கிலோ. எண்ணில் புள்ளியும் வைக்கவில்லை, காற்புள்ளியும் வைக்கவில்லை. சில ஐரோப்பிய நாடுகளில் இரண்டும் வேலையை மாற்றிக்கொண்டிருக்கின்றன, பழக்கம் ஒன்றாக இருக்கட்டும் என்று. சரியென்றால் ‘ஓகே’ என்று எழுதுங்கள். தவறென்றால் சரியானதை எழுதுங்கள். ஜூலை 11, வியாழன், ஜித்தா நேரம் மாலை 4 மணிக்குள். மாதத்தை எழுத்தில் போட்டதற்குக் காரணம், 11/07 என்பதை அமெரிக்காக்காரர் நவம்பர் என்று படிப்பார். நமக்கு அமெரிக்காவிலும் ஒரு பார்ட்டி உண்டு.

அண்ணன் படித்துவிட்டு, “என்னப்பா, எல்.சி., ப்ரிக்ஸ் எல்லாம் அப்படியே விட்டிருக்க? அதுக்கும் எளிமையா ஏதாவது போடேன்” என்றார். அதை மட்டும் தொடக்கூடாது. கூழின் இனிப்பை ப்ரிக்ஸில் அளப்பது ஜித்தாக்காரருக்கும் தொழில். தொழில் சொல்லில் யாரும் வழுக்கி விழுவதில்லை. ‘லுக் இன்டு’, ‘புட் ஆஃப்’ போன்ற குட்டிச் சொற்களில்தான் விழுகிறார்கள். அடுத்து அண்ணனே சுருக்கமாக ஒன்று எழுதிக் காட்டினார்: “பி.எல்.எஸ். சி.ஹெச்.கே. என் சி.எஃப்.எம்.” இது சுருக்கம் இல்லைங்கண்ணே, நம்பர் பிளேட்டு என்றேன்.

வியாழன் மதியமே பதில் வந்தது: “ஓகே. அட்ரஸ் கரெக்ட்.” கப்பல் கம்பெனிக்கு அன்றைக்கே சொல்லிவிட்டோம்.

அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “இத்தனை வருஷப் பழக்கம், மூணே வார்த்தையா?” என்று நன்றி சொல்லி ஒரு பக்கத்துக்கு இமெயில் தட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் ஜித்தாவிலிருந்து போன். நல்லவேளை, எடுத்தது நான். அவர் பதறிப்போய்க் கேட்டார்: “கன்டெய்னர் ப்ராப்ளம்?”