டோக்கியோ நிலையத்தில் பட்டினி கிடப்பது எப்படி: சைவர்களுக்கு ஒரு கையேடு

டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் 'டீஸ் தான்தான்' என்று ஒரு ராமென் கடை இருக்கிறது. இறைச்சி கிடையாது, மீன் கிடையாது, முட்டையும் பாலும்கூடக் கிடையாது. எள் மணக்கும் சூப்பில் நூடுல்ஸ் மிதக்கும். தயிர்சாதத்தை விமானத்திலேயே தீர்த்துவிட்டு வந்திறங்கும் நம் ஊர் சைவர்களுக்கு ஜப்பானில் இதைவிட நல்ல சேதி அதிகம் இல்லை. ஆனால் நேராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டால் அதில் என்ன சுவாரசியம்? கையில் செல்போன், அதில் வரைபடம், தலைக்கு மேல் நூறு பலகை, இவ்வளவும் இருந்தும் பசியோடு ரயிலேறுவதுதான் கலை. கீழ்க்கண்டபடி நடந்தால் அது யாருக்கும் கைகூடும்.

நரிதா விமான நிலையத்திலிருந்து நரிதா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட உங்கள் மாமா. கியோட்டோ போகும் ஷின்கான்சென் கிளம்ப இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. நீங்கள் நிற்கும் நடைமேடை தரைக்குக் கீழே ஐந்தாவது தளம். B5 என்று எழுதியிருப்பார்கள்.

முதல் வேலையாக, நின்ற இடத்திலேயே போனை எடுத்துக் கடையின் பெயரைத் தேடுங்கள். நிலையத்தின் நடுவில் எங்கோ ஒரு சிவப்புக் குத்தூசி விழும். அது எந்தத் தளம் என்று பார்க்காதீர்கள். வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கினால் ஓரத்தில் B1, 1, 2 என்று ஒரு சிறு பட்டை முளைக்கும். தளத்துக்குத் தளம் மாற்றிப் பார்க்க வைத்திருக்கும் பட்டை அது. விரல் தப்பித் தவறிக்கூட அதில் படக் கூடாது. அடுக்கடுக்காக இருக்கும் இட்லித் தட்டுகளை நேர் மேலிருந்து பார்த்தால் ஒரே தட்டாகத் தெரியுமே, அந்தக் காட்சியைத்தான் வரைபடம் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. "கடை இங்கேயேதாண்டா இருக்கு, புள்ளி மேலயே நிக்கிறோம்" என்று மாமா சொல்வார். ஆமோதியுங்கள்.

பட்டையை எப்படியும் பார்த்துத் தொலைத்தீர்கள் என்றால், நம் ஊர் வழக்கப்படி எண்ணுங்கள். நமக்குத் தரைத்தளம், அதற்கு மேலே முதல் மாடி. ஜப்பானில் தெருவோடு ஒட்டிய தளமே 1F. அதற்கு நேர் கீழே B1. நடுவில் பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. ஆகவே கடை 1F-இல் என்று படித்ததும் ஒரு மாடி ஏறிப் போய்விடலாம். அங்கே ரயில் நிற்கும், நூடுல்ஸ் இருக்காது. கணக்கில் கெட்டிக்காரர்கள் B1-இலிருந்து 2F-க்கு மூன்று தளம் என்று கழித்துப் பார்த்துச் சொல்வார்கள். உண்மையில் இரண்டுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்துக்கு உழைப்பவர்கள் வழக்கமாகத் தரையை `level=0` என்றும் அதற்குக் கீழே `level=-1` என்றும் குறிப்பார்கள். அங்கே கழித்தல் சரியாக வரும். நிலையத்துப் பலகையையும் அந்த வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் கால்மணி நேரம் நிம்மதியாகக் கழியும்.

அடுத்து, நீலப் புள்ளியைக் கடவுளாக நம்புங்கள். B5-இல் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டிப் பார்க்காது. சுற்றியிருக்கும் வைஃபை அலைகளையும் செல்பேசிக் கோபுரங்களையும் வைத்து உத்தேசமாகத்தான் போன் உங்களை ஓரிடத்தில் நிறுத்துகிறது. அதற்கே நிச்சயமில்லை என்றால் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நீங்கள் இருக்கலாம் என்பது அதன் பொருள். வட்டத்தைக் கண்டுகொள்ளாமல் நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். புள்ளியிலிருந்து டார்ச் வெளிச்சம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் திசைக்குறியையும் நம்பலாம். இரும்புத் தூண்களுக்கும் ரயில் மின்சாரத்துக்கும் நடுவே போனின் திசைகாட்டி என்ன பாடுபடும் என்று யோசிக்க வேண்டாம்.

தளத்தைக் கண்டுபிடிக்க சில போன்களில் காற்றழுத்தமானி உண்டு. ஒரு மீட்டர் மேலேறினால் அழுத்தம் சுமார் 0.12 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒரு தளம் ஏறினால் அரை ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு. அந்தக் கருவி இதை உணர்ந்துவிடும், அதில் குறையில்லை. ஆனால் வானிலை மாறினாலும் அழுத்தம் அதைவிடப் பலமடங்கு ஏறி இறங்கும். ஆக, ஒரு தளம் ஏறினீர்கள் என்று அதற்குத் தெரியும். எந்தத் தளத்திலிருந்து ஏறினீர்கள் என்பதுதான் தெரியாது.

இவ்வளவு செய்தும் கடை பக்கத்தில் வந்துவிடும் அபாயம் இருக்கிறது. அதற்குத்தான் டிக்கெட் வாயில் இருக்கிறது. இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டும் என்றால் இதை மறந்துவிடுங்கள்.

டோக்கியோ நிலையத்துக் கடைகளில் சில வாயிலுக்கு உள்ளே, சில வெளியே. உள்ளே இருப்பதற்குப் பயணச்சீட்டோ நுழைவுச்சீட்டோ வேண்டும். வரைபடத்தில் இரண்டும் பத்தடி தள்ளியிருக்கும், ஆனால் நடுவில் தானியங்கிக் கதவுகளின் வரிசை. கடைகளின் பட்டியலில் இது எழுதியிருக்கும்: 改札内 என்றால் உள்ளே, 改札外 என்றால் வெளியே. முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே, மூன்றாவதில்தான் உங்கள் மதியச் சாப்பாடு. அந்த மூன்றாவது எழுத்தைப் படிக்காமல் விடுவது பட்டினிக்கு நேர்வழி.

இன்னும் சிறப்பாகச் செய்ய விரும்புபவர்கள் 'டோக்கியோ ராமென்' என்று மொட்டையாகத் தேடலாம். ராமென் ஸ்ட்ரீட் என்ற புகழ்பெற்ற கடைவரிசை வந்து நிற்கும். அது நிலையத்தின் யாயெசு பக்கம், B1-இல், வாயிலுக்கு வெளியே. நீங்கள் தேடும் சைவக்கடையோ யாயெசு தெற்கு வாயிலுக்கு உள்ளே, 1F-இல், கெய்யோ ஸ்ட்ரீட் என்ற பகுதியில். இரண்டும் நிலையத்தின் ஒரே மூலையில்தான், ஒன்று கீழே ஒன்று மேலே, ஒன்று வெளியே ஒன்று உள்ளே. தட்டையான வரைபடத்தில் இரண்டு குத்தூசியும் முட்டிக்கொள்ளாத குறை. பன்றி எலும்பைக் கொதிக்கவைத்த மணத்தின் நடுவே மாமாவை நிறுத்திவைத்து "இங்கதான் மாமா காட்டுது" என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

சுவரில் இருக்கும் வரைபடங்களையும் விட்டுவிடக் கூடாது. ஜப்பானில் இவை பெரும்பாலும் வடக்கை மேலே வைத்து வரையப்படுவதில்லை. பலகையைப் பார்த்தபடி நிற்கும்போது உங்களுக்கு நேர் எதிரே இருப்பதே மேலே இருக்கும். நின்றபடி பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. எனவே நிற்காதீர்கள். படம் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். அடுத்த முனையில் திரும்பியதுமே போனில் உள்ள படம் வேறு பக்கம் பார்த்து நிற்கும், இடது வலதாகும். எதிர்ச்சுவரில் இருக்கும் பலகையையும் படமெடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் நிலையமே தலைகீழாகத் தெரியும். இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட அபிப்பிராயம் உண்டு: நின்று படிப்பவருக்கு இந்த முறையைப் போல் நல்லது வேறில்லை, வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் கைகாட்டுவோம்?

சரி, சிலருக்கு அதிர்ஷ்டம் கெட்டு, கடை கிடைத்தே தீரும். அவர்கள் செய்யும் தவறுகள் இவை. நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

அவர்கள் B5-இல் இறங்கியதும் போனைப் பையில் போட்டுவிடுகிறார்கள். நீளமான நகரும் படிகளில் மேலேறிக்கொண்டே வந்து, வழியில் தெரியும் மருனொஉச்சி பக்கத்து வாயில்களில் எதிலும் வெளியேறாமல், 1F வரை வருகிறார்கள். கையில் உள்ள சீட்டைக் கதவில் கொடுக்கவே இல்லை. அதனால் அவர்கள் இன்னும் 'உள்ளே'தான் இருக்கிறார்கள். 1F-இல் கடையைத் தேடாமல் ஒரு ரயில் பாதையைத் தேடுகிறார்கள்: கெய்யோ பாதை, சிவப்பு நிறம், JE என்ற எழுத்துகள். டிஸ்னிலாண்ட் போகும் கூட்டமெல்லாம் அந்தப் பாதைக்குத்தான் போக வேண்டும் என்பதால் பலகைக்குப் பஞ்சமில்லை. கெய்யோ நடைமேடைகள் மற்றவற்றிலிருந்து விலகி, தெற்கே வெகுதூரத்தில், ஆழத்தில் இருக்கின்றன. அங்கே போகும் வழியில்தான் கெய்யோ ஸ்ட்ரீட். யாயெசு பக்கமாகத் தெற்கே நடந்து, சிவப்புப் பலகை திரும்பச் சொல்லும் இடத்தில் திரும்பினால் கடைகள் வரிசையாகத் தொடங்கும். சாப்பிட்டுவிட்டு எழுந்தால் கியோட்டோ போகும் டோக்காய்டோ ஷின்கான்சென்னின் மாற்று வாயில் பக்கத்தில். அதன் நடைமேடைகள் 14 முதல் 19 வரை, அதே யாயெசு பக்கத்தில்தான். மூச்சிரைக்கவே வேண்டாம். எவ்வளவு சப்பென்று இருக்கிறது பாருங்கள்.

நீங்களோ மருனொஉச்சி பக்கத்து வாயில் திறந்திருப்பதைப் பார்த்து வெளியே வந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். ஜே.ஆர். பாஸ் வைத்திருப்பவர்களுக்குச் சாபம் பலிக்காது, அவர்கள் அதைக் கொண்டே திரும்ப நுழையலாம். மற்றவர்களுக்கும் திரும்பிப் போக வழி இருக்கிறது என்பதை நான் சொல்லக் கூடாதுதான். இயந்திரத்தில் நுழைவுச்சீட்டு வாங்கலாம், விலை சொற்பம், இரண்டு மணி நேரம் செல்லும். அல்லது சுயிகா அட்டையைத் தட்டி உள்ளே போய், அதே நிலையத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் தட்டி வெளியே வரலாம். 2021 முதல் ஜே.ஆர். கிழக்கு இதற்கு வசதி செய்திருக்கிறது, நுழைவுச்சீட்டின் விலைதான் கழியும். இரண்டிலும் ரயிலேற முடியாது. ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கையேட்டில்.

"வெளியிலேயே நேரா குறுக்க நடந்து அந்தப் பக்கம் போயிடலாமே" என்று மாமா கேட்பார். மருனொஉச்சிக்கும் யாயெசுக்கும் நடுவே வாயிலுக்குள் போகாமல் கடக்க, வடக்குப் பக்கத்தில் ஒரு பொதுவழி உண்டு. உங்கள் கடை தெற்கில். ஆகவே தெற்கிலிருந்து வடக்கே நடந்து, குறுக்கே கடந்து, மறுபடி தெற்கே நடந்து, யாயெசு தெற்கு வாயிலுக்கு வந்து சேர்ந்தால், கதவுகளுக்கு அந்தப் பக்கம் கடைக்குப் போகும் வழி கண்ணுக்கு முன்னால். அப்போது மணியைப் பாருங்கள். ரயிலுக்கு இருபது நிமிடம் என்றால் கணக்குச் சரி.

கடைசியாக, ரயிலில் ஏறும் முன் மைய வழியில் இருக்கும் 'எகிபென்யா மத்சுரி'யில் ஒரு பொட்டல உணவு வாங்கிக்கொள்ளலாம். நாடெங்குமுள்ள ரயில் உணவுப் பெட்டிகள் அங்கே அடுக்கியிருக்கும், அதுவும் வாயிலுக்கு உள்ளேதான். காய்கறிப் படம் போட்ட பெட்டியாகப் பார்த்து எடுங்கள். மீன் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்பதை ஷிசுவோகா தாண்டியதும் மாமா கண்டுபிடித்துச் சொல்வார்.