சிவப்புச் சீட்டும் சித்தப்பாவும்

எங்கள் பெரம்பலூர் வீட்டுச் சாமான் அறையில் பாதி, அரியலூரில் குடியிருக்கும் சித்தப்பாவுக்குச் சொந்தம். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது, 2002-இல் திரும்பச் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. மாவட்டத்தை இரண்டு தடவை பிரிக்க முடிந்த அரசாங்கமும் எங்கள் அறைக்குள் நுழைந்திருந்தால் திரும்பி ஓடியிருக்கும்.

ஜப்பான் தொழிற்சாலைகளின் ‘ஃபைவ் எஸ்’ முறையை அங்கே இறக்கினேன். கழிப்பது, அடுக்குவது, துடைப்பது, அதையே வழக்கமாக்குவது, விடாமல் காப்பது என்று ஐந்து படிகள். கழிக்கும்போது சந்தேகமான பொருளை உடனே வீசக்கூடாது. உரியவர் பெயரும் தேதியும் எழுதிய சிவப்புச் சீட்டைக் கட்டித் தனி மூலையில் வைக்க வேண்டும். 30 நாள் என்று கெடு வைத்தால், அதற்குள் யாரும் எடுக்காதது வெளியே போகும். பங்காளிச் சாமானை வீசிய பழி கெடுவின் தலையில் விழும், நம் தலையில் விழாது.

‘உரியவர்’ என்ற இடத்தில்தான் சிக்கியது. பித்தளை அண்டாவைப் பார்த்ததும் சித்தப்பா, “என்னுது” என்றார். துருப்பிடித்த ஃபுட்வால்வு? “அது பொதுடா.” மழைக்கோட்டும் பொது, உடைந்த நாற்காலியும் பொது.

அடுத்து சிமென்ட் மூட்டை. “சிமென்ட் ஊருலேருந்து வந்ததுடா, கெட்டா போகும்?” என்றார். கெடும். காற்றின் ஈரம் பட்டால் சிமென்ட் மூட்டைக்குள்ளேயே இறுக ஆரம்பிக்கும். மூன்று மாதம் தாண்டினால் சோதிக்காமல் பயன்படுத்தக்கூடாது. கட்டியை விரலால் நசுக்கினால் பொடியாகிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சித்தப்பாவின் மூட்டையில் நசுக்கியவர் விரல்தான் வலித்தது. சீட்டு கட்டினேன். கெடு முடியும் தறுவாயில் போன் செய்து, “நான் அதைத் தேடினேன்னு எழுதிக்க” என்றார். அன்றிலிருந்து விதியை மாற்றினேன்: கேட்டால் போதாது, எடுத்துப்போய்ப் பயன்படுத்த வேண்டும்.

அடுக்குவதில் சண்டை குறைவு. மக்காச்சோள மூட்டைகள் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் பலகைமேல் ஏறின. சின்ன வெங்காயத்துக்குக் காற்று வேண்டும் என்பதால் அது வெளியே பட்டறைக்குப் போனது. துடைப்பது அழகுக்காக மட்டும் இல்லை, அதுவே சோதனை. மூட்டையை நகர்த்திப் பெருக்கியபோதுதான் சுவரில் கரையானின் மண்கோடு தெரிந்தது.

மண்வெட்டி, கடப்பாரை மாட்டும் இடங்களில் அவற்றின் உருவத்தைச் சுவரில் வரைந்தேன். காணாமல் போனால் உடனே தெரிய வேண்டும் அல்லவா? இப்போது மண்வெட்டி உருவத்தின் மேல் ஒரு குடை தொங்குகிறது. உரியவர்: பொது.

சிமென்ட் மூட்டையின் கெடு முடிந்துவிட்டது. துவைகல் தேவைப்படுவோர் வரலாம். 50 கிலோ, ஆளோடு வாருங்கள்.