பட்டுச் சட்டையும் தோல் செருப்பும்

1990களின் தொடக்கத்தில், சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையின் பெண்கள் இணைப்பில் 'வெளிநாட்டு ஃபேஷன்' பக்கத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் பாரிஸைப் பார்த்ததில்லை, மிலானைப் பார்த்ததில்லை. பார்த்தால்தான் எழுத முடியும் என்று எங்கள் நிர்வாகம் நினைத்ததுமில்லை. ஷோ முடிந்து பல வாரங்கள் கழித்து ஏஜென்சியிலிருந்து ஒரு பழுப்பு உறை வரும். மேடையில் ஐம்பது, அறுபது உடைகள் நடந்து போயிருக்கும். உறைக்குள் சில படங்கள்தான் இருக்கும். அந்தச் சில படங்களை வைத்துக் கருப்பொருள் என்ன, துணி என்ன, முக்கியமான உடைகள் எவை என்று ஒரு பக்கம் நிரப்ப வேண்டும்.

ஆசிரியருக்குத் துணியைவிட நிறத்தில்தான் ஆர்வம். எந்தக் கட்டுரையிலும் 'மயில்கழுத்து நிறம்' என்று ஓரிடத்திலாவது வந்தாக வேண்டும். பக்கம் அச்சானதோ கறுப்பு வெள்ளையில்.

அப்படி வந்த ஒரு உறையில்தான் மார்க் ஜேக்கப்ஸ் இருந்தார். 1992 நவம்பரில், நியூயார்க்கில், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக அவர் காட்டிய 1993 வசந்தகாலத் தொகுப்பு அது. சியாட்டிலில் நிர்வாணா, பேர்ல் ஜாம் போன்ற குழுக்கள் பாடிக்கொண்டிருந்த காலம். அந்த ஊர்ப் பையன்கள் பழைய துணிக்கடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்ட கட்டம் போட்ட சட்டை, கம்பளிக் குல்லா, கனத்த பூட்ஸ் எல்லாவற்றையும் ஜேக்கப்ஸ் அப்படியே மேடையில் ஏற்றியிருந்தார். போட்டு நடந்தவர்கள் கேட் மாஸும் நவோமி கேம்பெல்லும்.

ஆசிரியர் படத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம கொத்தவால் சாவடியில மூட்டை தூக்கறவர் சட்டை மாதிரி இருக்கே. இதுக்கா கை தட்றாங்க?" என்றார்.

எல்லோரும் கை தட்டிவிடவில்லை. 'இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிப்யூன்' விமர்சகர் சூசி மென்கிஸ் 'கிரஞ்ச்' எனப்பட்ட இந்தப் பாணியைப் பழித்து பேட்ஜே அடித்து விநியோகித்தார். பெர்ரி எல்லிஸ் நிறுவனம் ஜேக்கப்ஸை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் சண்டை வேறு விஷயத்துக்கு. படத்தின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில், அந்தக் கட்டம் போட்ட சட்டை 'சில்க்' என்று இருந்தது. ஆசிரியர் சிரித்தார். "சில்க்காம்! டைப் அடிச்சவன் தூக்கத்துல அடிச்சிருப்பான். காட்டன்னு போடு."

நான் லேஅவுட் ஆர்ட்டிஸ்டின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். படத்தில் துணியைத் தொட முடியாது. ஆனால் துணி விழும் விதத்தைப் பார்க்கலாம். ஃப்ளானல் என்பது மேற்பரப்பைச் சுரண்டிப் பஞ்சு எழுப்பிய துணி. வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், மினுங்காது. தடிப்பானதால் அதன் மடிப்பு உருண்டு, அகலமாக விழும். இடுப்பில் முடிச்சுப் போட்டால் முடிச்சு கைமுட்டி அளவுக்குப் புடைத்து நிற்கும். இந்தப் படத்தில் மடிப்புகள் மெல்லியதாக, நெருக்கமாக, உடம்போடு ஒட்டி வழிந்தன. மடிப்பின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது; அது வெளிச்சம் பட்டுத் திரும்பும் இடம்.

இன்னொன்று கட்டம். நெய்த கட்டத்தில் நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் சந்திக்கும் சதுரம் இரண்டு நிறமும் கலந்த மூன்றாவது சாயலில் இருக்கும். மெட்ராஸ் லுங்கி கட்டிய எவருக்கும் இது தெரியும். துணியின் உட்புறமும் வெளிப்புறமும் ஒன்றுபோல இருக்கும். அச்சடித்த கட்டத்தில் சட்டை ஓரம் புரளும் இடத்தில் உள்பக்கம் வெளிறித் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்திலும் இந்த வெளிறல் தப்பாது. இங்கே அது தெரிந்தது. சீட்டு எழுதியவர் விழித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்.

உண்மையும் அதுதான். ஜேக்கப்ஸ் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் தெருவில் ஒரு ஃப்ளானல் சட்டையை இரண்டு டாலருக்கு வாங்கி, இத்தாலிக்கு அனுப்பி, அதே கட்டத்தைப் பட்டில் அச்சடிக்க வைத்தார் என்பது பின்னால் எல்லோரும் சொல்லும் கதையாகிவிட்டது. கான்வாஸ் ஷூ சாட்டின் துணியில் வந்தது. குளிருக்குப் போடும் உள்பனியன் காஷ்மீர் கம்பளியில் வந்தது.

இப்போது ஆசிரியரின் 'காட்டன்' என்ன செய்கிறது என்று பாருங்கள். சட்டை காட்டன் என்றால் கருப்பொருள் வறுமை. மூட்டைக்காரர் உவமை சரிதான். சட்டை பட்டு என்றால் கருப்பொருள் தலைகீழ்: இரண்டு டாலர் சட்டையின் தோற்றத்தைப் பெரும் பணம் கொடுத்து வாங்கும் பணக்காரர்களைப் பற்றிய நையாண்டி, அல்லது அவர்களுக்கான சரக்கு. எது என்று சண்டை போடலாம். ஆனால் துணியைத் தப்பாகப் போட்டுவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. பக்கம் 'காட்டன்' என்றே அச்சாகி வந்தது. மயில்கழுத்து நிறமும் இருந்தது.

இப்போது உறை கிடையாது. ஷோ மிலானில் நடக்கும்போதே என் கைபேசியில் நடக்கிறது. முடிந்த சில மணி நேரத்தில் எல்லா உடைகளும் எண் போட்டு வந்துவிடுகின்றன. பை, பொத்தான், செருப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி நெருக்கப் படம். கூடவே நிறுவனமே எழுதிய ஷோ நோட்டும் வரும். கருப்பொருள் அதில் தயாராக இருக்கும், சமைத்துப் பொட்டலம் கட்டிய சோறுபோல. பிரித்துச் சாப்பிடுவதுதான் இன்றைய விமர்சனம் என்றாகிவிட்டது.

2025 ஜூனில் மிலானின் ஃபோண்டாசியோனே பிராடாவில், மியுச்சா பிராடாவும் ராஃப் சைமன்ஸும் காட்டிய 2026 வசந்த-கோடை ஆண்கள் தொகுப்பைப் பற்றி, ஓர் இளம் துணையாசிரியர் எழுதியதை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். தொகுப்பின் பெயருக்குத் தொனி மாற்றம் என்று பொருள். அவர் கட்டுரையில் மென்மை, இலகு, அதிகாரத் தோரணையைக் கழற்றி வைத்தல் எல்லாம் இருந்தன. துணி என்ன என்ற இடத்திலும் மென்மைதான்.

"இந்த மென்மை எந்த உடையில தெரியுதுப்பா?" என்று கேட்டேன்.

"பொதுவா ஷோவோட மூடே அதுதான் மேடம். நோட்ஸ்லயும் அப்படித்தான் போட்டிருக்காங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ராத்திரியில் நாலு ஷோ எழுதச் சொல்கிறார்கள். நான் அவருக்குச் சொன்னது என் பழைய வழிதான். முதலில் ஷோவை நிறுத்தாமல் ஒரு முறை பார். பிறகு எல்லாப் படங்களையும் சிறிதாக்கி ஒரே திரையில் பரப்பி வை. ஷோ நோட்டை மூடி வை. எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் எண்ணு. ஒரு முறை வருவது அலங்காரமாக இருக்கலாம்; ஏழு முறை வருவது முடிவெடுத்து வைத்தது.

அப்படிப் பரப்பியபோது என்ன தெரிந்தது? தொடையின் உச்சியிலேயே நின்றுவிடும், உள்ளாடைபோலப் புடைத்த குட்டி டவுசர். கோட்டுக்குக் கீழே விளையாட்டுக்காரர்கள் போடும் டிராக் பேன்ட். தோளில் பட்டை வைத்த, ராணுவச் சாயல் சட்டை. மணி வடிவத்தில் தலையைக் கவிழ்த்த ராஃபியா நார்த் தொப்பி. ஜன்னல்கள் மூடப்படாத வெற்றுக் கூடத்தில் பூ வடிவக் கம்பளங்கள். ராணுவச் சட்டையைக் குழந்தை டவுசரோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்களே, ஷோ நோட்டின் 'அதிகாரத்தைக் கழற்றுதல்' அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. நோட் பொய் சொல்லவில்லை. அதற்கு எந்த உடை சாட்சி என்று காட்டுவதுதான் எழுதுபவரின் வேலை.

பிறகு கால்களைப் பார்க்கச் சொன்னேன். 56 தோற்றங்களில் குறைந்தது ஏழில் ஒரு தட்டைச் செருப்பு வந்தது. நோட்டில் அதன் பெயர் தோல் செருப்பு, அவ்வளவுதான். நெருக்கப் படத்தில் கட்டைவிரலுக்குத் தனி வளையம், அதிலிருந்து பாதத்தின் மேல் ஏறும் பின்னல் வார், குறுக்கே அகலப் பட்டை, குதி உயரமே இல்லாத தோல் அடி. துணையாசிரியர் அரை நிமிடம் பேசவில்லை.

"மேடம், இது கோலாப்பூரி."

"ஆமாம்ப்பா. இப்போ எதை எழுதலாம், எதை எழுதக் கூடாதுன்னு சொல்லு."

இங்கேதான் கவனம் வேண்டும். படம் வடிவத்தைச் சொல்லும். கோலாப்பூரிச் செருப்பின் உயிர் வடிவத்தில் மட்டும் இல்லை. கருவேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல், ஆணி அடிக்காமல் தோல் நூலாலேயே போடும் தையல் எல்லாம் சேர்ந்தது அது. மகாராஷ்டிரத்தில் நான்கு, கர்நாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்களுக்குப் பொதுவாகப் புவிசார் குறியீடும் உண்டு. மேடையில் வந்த செருப்பின் தோலை எதில் பதனிட்டார்கள், யார் தைத்தார்கள் என்பதைத் திரை சொல்லாது. ஆகவே 'கோலாப்பூரிச் செருப்பைக் காட்டினார்கள்' என்று எழுதுவது தப்பு. 'திருடினார்கள்' என்பது படத்தால் நிறுவ முடியாதது. 'கோலாப்பூரியின் வடிவத்தைக் கொண்ட செருப்பு. நிறுவனத்தின் குறிப்பு அதன் ஊரைச் சொல்லவில்லை' என்று எழுதலாம். இரண்டு பாதியும் சரிபார்க்கக் கூடியவை.

டவுசரையும் தொப்பியையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய பலருக்குக் கால் வரை கண் இறங்கவில்லை. ஐரோப்பிய விமர்சகருக்கு அது வெறும் செருப்பாகத் தெரிந்திருக்கலாம்; நியாயம். நம் ஊர்க்காரர்களும் நோட்டைப் பார்த்துத் 'தோல் செருப்பு' என்று பெயர்த்ததுதான் வேடிக்கை. ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் விற்கும் பொருள் அது. சமூக வலைத்தளங்களில் சத்தம் எழுந்த பிறகு, மகாராஷ்டிர வர்த்தக சபைக்கு எழுதிய கடிதத்தில், இந்தியப் பாரம்பரியக் காலணியிலிருந்து வந்த உந்துதல் என்பதைப் பிராடா ஒப்புக்கொண்டது.

துணையாசிரியர் கட்டுரையைத் திருத்தி எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: அதிகார உடையையும் சிறுவர் உடையையும் ஒரே உடம்பில் போட்டுப் பார்க்கும் தொகுப்பு; அதற்குச் சாட்சி ராணுவச் சாயல் சட்டையும் குட்டி டவுசரும். கடையில் விற்கப் போவது அந்த டவுசர் அல்ல, டிராக் பேன்ட்டும் செருப்பும். செருப்பின் வடிவம் கோலாப்பூரி. குறிப்பில் அந்தப் பெயர் இல்லை. மென்மை என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் நிறுவனம் சொல்வதாக.

இரண்டு ஷோவுக்கும் பின்கதை உண்டு. ஜேக்கப்ஸ் 2018இல் தன் பெயரிலேயே அந்தப் பழைய கிரஞ்ச் உடைகளை மறுபடி தைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் பிராடா மகாராஷ்டிர, கர்நாடக அரசுத் தோல் கழகங்களோடு ஒப்பந்தம் செய்து, அங்கேயே சுமார் 2,000 ஜோடி செருப்பு தயாரிப்பதாக அறிவித்தது. ஒரு ஜோடி சுமார் 800 யூரோ. இந்த முறை குறிப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறது. இதைப் பற்றி எழுதப் போகிறவர்கள் விலையையும் எழுதுங்கள். அதில் தைத்தவருக்கு எவ்வளவு போகிறது என்பதை நிறுவனத்திடம் கேட்டு, வந்த பதிலையும் போடுங்கள்.