கடிதத்தை நம்பிய நம்பி

ஆகஸ்டு முதல் வாரத்தில் பிரின்சிபாலின் வரவேற்புக் கடிதம் வந்து விழும். படிக்காமலே அழிப்பவர்கள் உண்டு, படித்துவிட்டு அழிப்பவர்களும் உண்டு. அச்செடுத்து, கடைசிப் பத்திக்கு மஞ்சள் மார்க்கர் பூசி, ஃபைலில் போட்டு வைப்பவர் நம்பி ஒருவர்தான். “உங்களுக்கு எந்தத் தேவை என்றாலும் அலுவலகத்துக்கு வாருங்கள், என் கதவு எப்போதும் திறந்திருக்கும்” என்பதுதான் அந்தப் பத்தி. டாலஸுக்கு வடக்கே தமிழர்கள் கூடி வாழும் எந்தப் புறநகரிலும் ஒரு நம்பியைப் பார்க்கலாம். எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருக்கிறார்கள்.

கதவு திறந்தெல்லாம் இருக்காது. 2022 மே மாதம் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றவன், சாத்தியிருந்தும் பூட்டிக்கொள்ளாத ஒரு கதவு வழியாகத்தான் உள்ளே போனான். அதற்குப் பிறகு டெக்சாஸ் பள்ளிகள் வாராவாரம் வெளிக்கதவு ஒவ்வொன்றும் பூட்டியிருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும். ஆகவே நம்பி அழைப்பு மணியை அழுத்தி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, பெயரும் காரணமும் சொல்லி, உள்ளே போய் ஓட்டுநர் உரிமத்தை நீட்டுவார். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்று இயந்திரம் உறுதி செய்து, அவர் முகம் போட்ட ஒரு ஸ்டிக்கரைத் துப்பும். அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு அவர் உட்காரும் தோரணையைப் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் பெண்வீட்டு மாமா போலவே இருக்கும்.

பிரின்சிபால் இருக்க மாட்டார். காலையில் கார் வரிசையில் நிற்பார், மதியம் கேன்டீனில் நிற்பார், நடுவில் ஏதாவது வகுப்பின் பின்பெஞ்சில் அமர்ந்து ஆசிரியரை மதிப்பிடுவார். முன்மேசை அம்மாள் “அப்பாயின்ட்மென்ட் உண்டா?” என்று கேட்டதும் நம்பி ஃபைலைத் திறந்து மஞ்சள் பத்தியைக் காட்டுவார். அந்த அம்மாளுக்கும் இப்போது அது மனப்பாடம்.

நம்பியின் தேவைகள் பல. பஸ்ஸில் ஏசி போதவில்லை, கணக்குப் பாடம் மெதுவாகப் போகிறது, கேன்டீன் பீன்ஸில் என்ன கலந்திருக்கிறது. இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் ஒன்றே ஒன்றுதான்: டிசம்பரில் சென்னை. பள்ளி தரும் இரண்டு வார விடுமுறையோடு பொங்கல் வரை 13 பள்ளி நாட்களைச் சேர்த்தால்தான் டிக்கெட் விலை கட்டுப்படியாகும்.

“பிள்ளைக்கு லீவு வேண்டும், அவ்வளவுதானே?” என்பது நம்பியின் கட்சி. லீவு கொடுக்கும் அதிகாரம் பிரின்சிபாலுக்குச் சட்டப்படியே உண்டு. தனக்கு ஏற்கத்தக்கதாகப் படும் காரணத்துக்கு அவர் அனுமதி தரலாம். ஆனால் அனுமதித்த லீவானாலும் பிள்ளை ஆப்சென்ட்தான். டெக்சாஸ் அரசு பள்ளிக்குப் பணம் கொடுப்பது பெயர் பதிந்த தலைகளுக்கு அல்ல, வந்த தலைகளுக்கு. தினமும் குறித்து வைத்த ஒரே நேரத்தில், காலை பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், இருக்கையில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையின் வருடச் சராசரிதான் கணக்கு. ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலராக இருந்து, 2025 சட்டத்தில் 55 டாலர் ஏறியது.

இதை ஒருமுறை விளக்கியதுதான் பிரின்சிபால் செய்த தவறு. நம்பி மென்பொருள்காரர். அங்கேயே கால்குலேட்டரை எடுத்தார். சுமார் 175 பள்ளி நாள் என்றால் நாளொன்றுக்கு 35 டாலர் சொச்சம், 13 நாளுக்கு 460 சொச்சம். “நான் செக்காவே குடுத்துடறேன் மேடம்” என்றார். மாவட்டத்தில் அப்படி ஒரு ரசீதுப் புத்தகம் கிடையாது என்று அந்த அம்மையார் பொறுமையாகச் சொன்னார்.

அடுத்த வருகை சமய வழியில். மதப் புனித நாளுக்காக வராத பிள்ளையை வந்ததாகவே எண்ண வேண்டும் என்று டெக்சாஸ் கல்விச் சட்டம் சொல்கிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள் பயணத்துக்கும் இடமுண்டு. தீபாவளிக்குப் பெற்றோர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. நம்பி கொடுத்த பட்டியலில் வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம், போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் எல்லாம் இருந்தன. அதோடு நிறுத்தியிருந்தால் சிலதாவது தேறியிருக்கும். ‘மார்கழி (முழுவதும்)’ என்று கடைசி வரி போட்டு, அதற்குள் மியூசிக் அகாடமி கச்சேரிகளையும் அடக்கியிருந்தார். சர்ச் முகாமையே புனித நாளாக ஏற்காத விதி அது. சபா கேன்டீனை எப்படி ஏற்கும்?

மூன்றாவது வருகை 90 சதவீதத்துக்காக. வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதமாவது வராத பிள்ளைக்கு அந்த வகுப்பு தேறியதாகக் கணக்கில் வராது. 175-இல் பத்து சதவீதம் 17 நாள். சென்னைக்கு 13 போனால் மீதி நாலு. அக்டோபரில் காய்ச்சலுக்கு ஏற்கெனவே மூன்று போய்விட்டது. ஒரே ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு நம்பி விமானம் ஏறப் போகிறார். “பிப்ரவரியில ஃப்ளூ வந்தா என்னங்க பண்ணுவீங்க?” என்று மனைவி கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. 75-க்கும் 90-க்கும் இடையில் விழுந்தால், பிரின்சிபால் ஒப்புக்கொள்ளும் ஒரு திட்டப்படி விட்ட பாடத்தை ஈடு செய்யலாம். விதியைத் தோண்டி எடுத்தவர் சும்மா இருப்பாரா? திட்டத்தையும் தானே எழுதி, விடுப்புக்கு முன்பே கையெழுத்துக்குக் கொண்டுபோனார்.

இவரைப் பார்த்து எரிச்சல் வராமல் இருக்காது. ஆனால் நம்பி படித்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் அப்பாக்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். ஃபீஸ் பாக்கி என்றால் மட்டும் உள்ளே கூப்பிடுவார்கள், அப்போதும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவருக்கு “எந்தத் தேவை என்றாலும் வாருங்கள்” என்று ஒரு பிரின்சிபால் எழுதினால் அது சர்க்யுலராகவா தெரியும்?

கோபப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. அதே தெருவில், ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஒரு அம்மா. இரண்டாம் வகுப்புப் பையன் சைவம். மதியம் தட்டில் என்ன விழுகிறது என்று தெரியாமல் பாதி நாள் பட்டினியாக வீடு திரும்புகிறான். அந்த அம்மா பள்ளிப் படி ஏறியதே இல்லை. “போயி என்னன்னுங்க பேசறது?” என்பார். 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டப்படி, மத்திய அரசுப் பணம் வாங்கும் பள்ளி இந்த அம்மாவிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேச ஏற்பாடு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கேட்கக் கூடாது. சுமக்க முடியாமல் அன்பு வழியும் அந்த ஒரு பக்கக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கடிதமும் ஆங்கிலத்தில்தான்.

நம்பிதான் அந்த அம்மாவைக் காரில் ஏற்றி அழைத்துப் போனார். மணி, கேமரா, உரிமம், ஸ்டிக்கர். தான் மொழிபெயர்ப்பதாகத் தொண்டையைக் கனைத்தபோது, பக்கத்து வீட்டுக்காரரை அதற்கு வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துவிட்டார்கள். நம்பியை வெளியே உட்காரச் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் பையனின் சாப்பாட்டு விவரம் கணினியில் ஏறி, கேன்டீன் பெண்மணிக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த இருபது நிமிடத்தில் நம்பி முன்மேசை அம்மாளிடம் மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக்கைப் பற்றிப் பேச வியாழக்கிழமைக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தார்.